மாலை 4 மணி வரை உங்களுக்காக வைத்திருக்கிறோம்

*மதுரை கே.கே. நகர் பக்கம் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ரிசப்ஷனில் இருக்கிறேன். யாராவது வரவில்லை என்று சொன்னால், வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் "ஸ்லாட் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க" என்று அனுப்புகிறேன். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. மற்றவர்கள், நான் வேறு ஒருவருக்குக் கொடுத்த பிறகு "வரேன்" என்கிறார்கள். அப்புறம் சண்டை. இத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்பதை அவர்கள் மனம் கோணாமல் எப்படி எழுதுவது?*

முதலில் "சீக்கிரம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சீக்கிரம் என்றால் பத்து நிமிடம். உசிலம்பட்டியில் வயல் வேலையில் இருக்கும் அம்மாவுக்குச் சீக்கிரம் என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்வது. இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொள்கிறீர்கள், சண்டை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நான் மதுரையில் பல வருடங்கள் கிளினிக் ரிசப்ஷனில் இருந்தவள். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் நான் கொடுக்கும் செய்தியை அப்படியே முதலில் தருகிறேன், ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

> வணக்கம் அம்மா. நாளை, நவம்பர் 14 வெள்ளி, காலை 10.30-க்கு ஒரு நேரம் காலியாகியிருக்கிறது. மகனைக் கூட்டி வர முடியுமா?
>
> வருவதாக இருந்தால் 1, முடியாது என்றால் 2 என்று அனுப்புங்கள்.
>
> இன்று வியாழன் மாலை 4 மணி வரை இந்த நேரத்தை உங்களுக்காக வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு அடுத்தவரைக் கேட்போம்.
>
> இப்போது வர முடியாவிட்டாலும், உங்கள் நவம்பர் 26 புதன் நேரம் மாறாது.
>
> – (நிலையத்தின் பெயர்), ரிசப்ஷன், (போன் எண்)

இதில் உயிரான சொல் "வைத்திருக்கிறோம்". கெடு வைத்து எழுதும்போது எல்லோருடைய கையும் தானாக "4 மணிக்குள் பதில் தரவில்லை என்றால்" என்றுதான் தொடங்கும். அப்படித் தொடங்கினால் அந்த வாக்கியம் ஒரு மிரட்டலில்தான் போய் முடியும், வேறு வழியில்லை. "4 மணி வரை வைத்திருக்கிறோம்" என்று எழுதினால் அதே கெடு நீங்கள் கொடுக்கும் வாக்காக மாறிவிடுகிறது. 4 மணி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். படிப்பவருக்கு நம்மை மதித்து எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும், 4 மணி என்பதும் மனதில் பதியும். இந்த வாக்கை நீங்களும் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மிரட்டல் எப்படித் திரும்பி அடிக்கும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் செய்தியை இப்படி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம்: "நாளை காலை ஸ்லாட் உள்ளது. 5 மணிக்குள் பதில் அளிக்கவும். தவறினால் அப்பாயின்ட்மென்ட் ரத்து செய்யப்படும்." எழுதிய எங்களுக்கு "அப்பாயின்ட்மென்ட்" என்றால் நாளைக் காலை நேரம். படித்த அம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் ஒன்றரை மாதமாகக் காத்திருக்கும் அவருடைய சொந்தத் தேதி. அன்று மாலை அவரால் பதில் போட முடியவில்லை. ரத்தாகிவிட்டது என்று நினைத்து, அந்தச் சொந்தத் தேதியில் அவர் வரவே இல்லை. நாங்கள் "வரவில்லை" என்று குறித்து வைத்தோம். இரண்டு வாரம் கழித்து, திரும்பப் புதிதாகப் பெயர் எழுதிக்கொள்வார்களா என்று கேட்டு நேரில் வந்து நின்றார். கையில் குழந்தை. அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? செய்தியில் ஒரு வரி குறைந்ததால் அந்தக் குழந்தைக்கு இரண்டு மாதம் போனது.

அதனால்தான் "உங்கள் நவம்பர் 26 புதன் நேரம் மாறாது" என்ற வரியை எந்த அவசரத்திலும் விடாதீர்கள். வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஒரு பின்தேதி இருக்கும். புது நேரம் பற்றிச் செய்தி வந்ததும் அவர்கள் மனதில் முதலில் எழும் கேள்வி, "இதை விட்டால் அதுவும் போய்விடுமோ?" என்பதுதான். பதில் போடாமல் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பயத்தில்தான் பேசாமல் இருக்கிறார்கள். முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு கடைசிக்குத் தள்ளிவிடுவார்களோ என்று நினைப்பார்கள். தேதி கொடுக்கப்படாமல் பட்டியலில் மட்டும் இருப்பவராக இருந்தால், அதே இடத்தில் "வர முடியாவிட்டாலும் பட்டியலில் உங்கள் இடம் அப்படியே இருக்கும்" என்று எழுதுங்கள். ஆனால் உண்மையில் அப்படியே இருந்தால் மட்டும் எழுதுங்கள். மூன்று முறை மறுத்தால் பெயரைக் கீழே இறக்குவது உங்கள் நிலையத்தின் வழக்கம் என்றால், அதைப் பெயர் எழுதும் நாளிலேயே நேரில் சொல்ல வேண்டும், இந்தச் செய்தியில் நுழைக்கக் கூடாது.

அடுத்தது 1, 2. ஏன் எண் கேட்கிறேன் என்றால், தமிழில் "சரி" என்ற சொல் நம்மை நன்றாக ஏமாற்றும். "சரி" என்று பதில் வந்தால் வருகிறேன் என்று அர்த்தமா, செய்தியைப் பார்த்துவிட்டேன் என்று அர்த்தமா? "சரிங்க மேடம்", கைகூப்பும் படம், கட்டை விரல் படம் எல்லாமே இரண்டு விதமாகவும் வரும். நான் "சரி"யை வருகையாக எடுத்துக்கொண்டு காத்திருந்த காலி நாற்காலிகள் பல. இன்னொன்று, பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அப்படி அடிக்கும்போது "வரேன்", "வரல" இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்றுதான். ஓரெழுத்து தப்பினாலும் குழப்பம். எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை. தமிழ்த் தட்டச்சு வராத தாத்தா பாட்டியும் 1 என்று அடித்துவிடுவார்கள். எண் சொல்லியும் "சரி" என்றே வந்தால், ஊகிக்காதீர்கள். "நாளை 10.30-க்கு வருகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளட்டுமா அம்மா?" என்று உடனே ஒரு வரி கேளுங்கள்.

நாளும் மணியும் பற்றி இரண்டே விஷயம். "நாளை" என்று மட்டும் எழுதினால், இரவு 11 மணிக்குப் பார்ப்பவருக்குப் பரவாயில்லை, மறுநாள் காலை 7 மணிக்குப் பார்ப்பவருக்கு அது வேறு நாளாகிவிடும். ஆகவே நாளை என்று எழுதினாலும் பக்கத்திலேயே தேதியும் கிழமையும் இருக்க வேண்டும். "வரும் வெள்ளி", "அடுத்த வெள்ளி" வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அதேபோலக் கெடுவை "2 மணி நேரத்துக்குள்" என்று எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய நேரத்திலிருந்தா, அவர் பார்த்த நேரத்திலிருந்தா என்று வாதம் வரும், அந்த வாதத்தில் அவர் பக்கமும் நியாயம் இருக்கும். கடிகார மணியை எழுதுங்கள்: இன்று வியாழன் மாலை 4 மணி.

செய்தியின் முதல் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டிய போனின் திரையில் ஒன்றிரண்டு வரிகள்தான் தெரியும். அந்த இடத்தில் "அன்புடையீர், எங்கள் நிலையத்தின் மீது தாங்கள் கொண்டுள்ள நம்பிக்கைக்கு நன்றி" என்று இருந்தால், விளம்பரம் என்று விரல் தள்ளிவிடும். வணக்கத்துக்கு அடுத்த சொல்லிலேயே நாளும் நேரமும் தெரிய வேண்டும். என்ன பயிற்சி, என்ன குறை என்பது செய்தியில் வரவே கூடாது. நம் வீடுகளில் ஒரு போன் நாலு கை மாறும். பக்கத்து வீட்டுப் பையன் கையில் இருக்கும்போதும் செய்தி வரும். பெற்றவர்கள் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் கூட்டி வரும் குழந்தைகள் உங்களிடம் இருப்பார்கள், உங்களுக்கே தெரியும். உங்கள் நிலையத்தின் பெயரிலேயே பயிற்சியின் பெயர் இருந்தால், சுருக்கப் பெயரைப் போடுங்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் அடுத்தவருக்குத் தேவையில்லாதது.

சரி, இனி கெடுவை எத்தனை மணிக்கு வைப்பது? பலரும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஒரே அளவாக வைக்கிறார்கள். நான் பின்னாலிருந்து எண்ணுவேன். ஒரு நாள் நடப்பதைப் போலவே எழுதிக் காட்டுகிறேன்.

வியாழன் பகல் 1.40-க்கு ஒருவர் போன் செய்து, நாளை 10.30-க்கு வர முடியாது என்கிறார். லிஸ்டில் முதலில் இருப்பவர் உசிலம்பட்டி. மதுரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் வந்தால் ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துக் கே.கே. நகர் வர வேண்டும். குழந்தையோடு என்றால் காலை 8 மணிக்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேலைக்கு லீவு சொல்ல வேண்டும், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புவது என்று ஏற்பாடு செய்ய வேண்டும். இதெல்லாம் முந்தைய இரவு 8 மணிக்குள் முடிவானால்தான் நடக்கும். அதாவது வியாழன் இரவு 8 மணிக்குப் பிறகு யாரிடம் கேட்டும் பயனில்லை. உங்கள் நிலையம் மூடும் நேரமும் ஏறக்குறைய அதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆக, உங்கள் கையில் இருப்பது பகல் 1.45-லிருந்து இரவு 8 வரை, ஆறேகால் மணி நேரம்.

இதற்குள் மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராகக் கேட்கலாம். முதலாமவருக்கு 4 மணி, இரண்டாமவருக்கு 6 மணி, மூன்றாமவருக்கு 7.45. ஐந்து பேரைக் கேட்கலாமே என்று ஆசை வரும். அப்படிப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் கிடைக்கும். அதில் யாரும் போனைப் பார்க்காமலே கெடு முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் போனைப் பார்ப்பது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில், டீ நேரத்தில், வேலை விட்டு வரும்போது. கெடு மணி அப்படி ஒரு நேரத்தைத் தாண்டி விழ வேண்டும். 2.15-க்கு அனுப்பி 3.15-க்குக் கெடு வைத்தால், சாப்பாட்டு நேரம் முடிந்த பின் அனுப்பி டீ நேரத்துக்கு முன் மூடிவிட்டீர்கள் என்று பொருள். 1.45-க்கு அனுப்பி 4 மணி என்று வைத்தால் இரண்டு நேரமும் உள்ளே வந்துவிடும். ஜவுளிக்கடை, மில் மாதிரி இடங்களில் சில முதலாளிகள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு எந்தச் செய்தியும் பகலில் போகாது. பெயர் எழுதும்போதே "பகலில் யாரைக் கூப்பிட்டால் பதில் கிடைக்கும்?" என்று கேட்டு இரண்டாவது எண் ஒன்று வாங்கி வையுங்கள்.

அனுப்பி இருபது நிமிடம் ஆகியும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக் என்றால், செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. நெட் இல்லை, அல்லது போன் அணைந்திருக்கிறது. உடனே சாதாரண அழைப்பில் கூப்பிடுங்கள். இரண்டு டிக் விழுந்து பதில் இல்லை என்றால், கெடுவுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரே ஒரு முறை அழையுங்கள். நீல நிறம் வரவில்லை என்பதை வைத்துப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், அதை அணைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

நம் கதையில் 3.30-க்கு அழைத்தீர்கள், மணி அடித்து ஓய்ந்தது. 4 மணி ஆனது. இப்போது பேசாமல் அடுத்தவருக்குப் போய்விடாதீர்கள். உங்களுக்கு வரும் சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. முதலாமவருக்கு ஒரு வரி போக வேண்டும்:

> அம்மா, 4 மணி ஆகிவிட்டதால் வெள்ளி காலை நேரத்தை இப்போது அடுத்தவரிடம் கேட்கிறோம். உங்கள் நவம்பர் 26 புதன் நேரம் அப்படியே இருக்கிறது. அதற்கு முன் வேறு நேரம் காலியானால் மறுபடி சொல்கிறோம்.

இது இருந்தால், ஐந்து மணிக்குப் போனை எடுப்பவர் உங்கள் முதல் செய்தியையும் இதையும் சேர்த்தே பார்ப்பார். முதல் செய்தியை மட்டும் பார்த்து மகிழ்ந்து "1" என்று அடித்துவிட்டு, அப்புறம் இல்லை என்று கேட்பதுதான் மனதைப் புண்படுத்துகிறது.

4.05-க்கு இரண்டாமவருக்கு, மேலூர்க்காரருக்கு, 6 மணி வரை என்று அனுப்புகிறீர்கள். 5.10-க்கு உசிலம்பட்டி அம்மா "வரேன் மேடம், இப்பத்தான் பார்த்தேன்" என்கிறார். இங்கேதான் நான் முதலில் சொன்ன கஷ்டமான பகுதி. உங்களுக்கு இரக்கம் வரும், லிஸ்டில் முதலில் இருப்பவர் அவர்தானே என்றும் தோன்றும். ஆனால் 6 மணி வரை வைத்திருக்கிறோம் என்று மேலூர்க்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவர் 5.50-க்கு 1 என்று அனுப்பினால் அது அவருடையதாக இருக்க வேண்டும். அதற்காக அம்மாவிடம் வெறும் "போய்விட்டது" என்றும் சொல்ல வேண்டாம், அது இன்னும் போகவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்:

> அம்மா, 4 மணிக்குப் பிறகு இன்னொருவரிடம் கேட்டிருக்கிறோம். அவருக்கு 6 மணி வரை நேரம் கொடுத்திருக்கிறோம். அவர் வேண்டாம் என்றால் அடுத்து உங்களுக்குத்தான். எப்படி ஆனாலும் 6.15-க்குள் நானே சொல்கிறேன். அதுவரை ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம்.

கடைசி வரி முக்கியம். இல்லாவிட்டால் அவர் நம்பிக்கையில் லீவு சொல்லிவிடுவார். 5.40-க்கு மேலூரிலிருந்து 2 வருகிறது. மூன்றாமவரை இன்னும் கேட்கவில்லை. அதனால் அந்த நேரம் உசிலம்பட்டி அம்மாவுக்கே. இப்போது செய்தி வேண்டாம், போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுத்திலும் உறுதி செய்யுங்கள்:

> உறுதி. நவம்பர் 14 வெள்ளி காலை 10.30. 10.20-க்கு வந்தால் போதும். பழைய நவம்பர் 26 நேரத்தை எடுத்துவிட்டோம்.

"எடுத்துவிட்டோம்" என்ற வரியை எழுதாமல் விட்டால், சிலர் இரண்டுமே தங்களுடையது என்று நினைத்து 26-ஆம் தேதியும் வந்து நிற்பார்கள். உங்கள் நிலையத்தில் இரண்டும் உண்டு என்றால் அதை எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அந்த 26-ஆம் தேதி நேரம் இப்போது காலி. அதற்கும் இதே செய்திதான், ஆனால் கெடு வேறு. கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டு மணி நேரக் கெடு வைப்பது அநியாயம். "சனி மாலை 6 மணி வரை" என்று ஒன்றரை, இரண்டு நாள் கொடுங்கள். வீட்டில் கலந்து பேசி நிதானமாகச் சொல்வார்கள். பதிலும் உறுதியாக இருக்கும்.

எதிர்ப்பக்கம், அன்றைக்கே காலியாகும் நேரம். காலை 10 மணிக்கு, மதியம் 12.30 காலி என்று தெரிகிறது. இங்கே வரிசையாகக் கேட்க நேரமில்லை. முதலில் போனிலேயே கூப்பிடுங்கள், அதுவும் பக்கத்தில் இருப்பவர்களை: அண்ணா நகர், மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை. ஆள் கிடைக்காமல் பல பேருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், "உங்களுக்காக வைத்திருக்கிறோம்" என்று எழுதக் கூடாது, அது பொய்யாகிவிடும். இப்படி எழுதுங்கள்:

> இன்று, நவம்பர் 14 வெள்ளி, மதியம் 12.30-க்கு ஒரு நேரம் காலி. மூன்று பேரிடம் கேட்டிருக்கிறோம், முதலில் 1 அனுப்புபவருக்குக் கொடுப்போம். 11 மணிக்குப் பிறகு பதில் வேண்டாம். எங்களிடமிருந்து "உறுதி" என்று வந்த பிறகே கிளம்புங்கள். உங்கள் பழைய தேதி மாறாது.

"உறுதி வந்த பிறகே கிளம்புங்கள்" இல்லாமல் இதை அனுப்பினால் இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். 1 அனுப்பிவிட்டோமே என்று ஆட்டோ ஏறிவிடுவார்கள். முதல் ஆளுக்கு உறுதி சொன்ன அதே நிமிடத்தில் மற்ற இருவருக்கும் "நேரம் நிரம்பிவிட்டது, நன்றி" என்று போக வேண்டும். இதை வாட்ஸ்அப் குழு தொடங்கி அதில் போடாதீர்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், யார் குழந்தை உங்களிடம் வருகிறது என்பதும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் வசதியும் இதற்குச் சரிப்படாது. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும், சேராதது உங்கள் கண்ணில் எளிதில் படாது. மூன்று பேருக்குத் தனித்தனியாக அனுப்ப ஒரு நிமிடம்தான் ஆகும். பிசினஸ் வாட்ஸ்அப்பில் `Quick replies` என்ற இடத்தில் மேலே உள்ள செய்திகளைச் சேமித்து வைத்துக்கொண்டால், தேதியையும் மணியையும் மட்டும் மாற்றினால் போதும். மாற்ற மறந்து பழைய தேதியோடு அனுப்புவதும் நடக்கும், அதனால் சேமிக்கும்போது தேதி இருக்கும் இடத்தில் கோடு போட்டு வையுங்கள். கோடு அப்படியே நின்றால் கண்ணில் படும்.

வாட்ஸ்அப் இல்லாத பட்டன் போன்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 70 இடம்தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகும். நாம் மூன்று எழுத்து என்று எண்ணும் "வெள்ளி" அங்கே ஆறு இடம் பிடிக்கும். கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் சுருக்க வேண்டும்:

> வெள்ளி 14, காலை 10.30 காலி. வேண்டுமா? இன்று மாலை 4க்குள் அழைக்கவும். பழைய தேதி மாறாது.

உங்கள் நிலையத்தின் சுருக்கப் பெயரைச் சேர்த்தாலும் இது இரண்டு துண்டுக்குள் அடங்கும். எண் கேட்காமல் "அழைக்கவும்" என்று போட்டதற்குக் காரணம், பட்டன் போனில் பதில் எஸ்.எம்.எஸ். அடிப்பதைவிடப் பச்சைப் பட்டனை அழுத்துவது அவர்களுக்குச் சுலபம். இது உங்கள் நிலையத்தின் போனிலிருந்து நேரடியாக அனுப்புவதற்கு. கணினி வழியாக மொத்தமாக அனுப்பும் சேவை வைத்திருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி செய்தி மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவில் மாறும் இடங்களைத் தனியாகக் குறித்துக் காட்டுவார்கள். அங்கே கிழமை, மணி, கெடு மூன்றுக்கும் தனித்தனி இடம் விட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கெடு மணிக்கு இடம் விடாமல் "2 மணி நேரத்தில்" என்று நிரந்தரமாகப் பதிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் அதே தவறு போகும்.

நம் ஊருக்கு மட்டும் ஒன்று. முகூர்த்த நாளிலும் சித்திரைத் திருவிழாச் சமயத்திலும் உங்களுக்குக் காலி நேரம் அதிகம் விழும், ஏற்பவர்கள் குறைவாக இருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குழந்தையோடு வரச் சொல்வதே தவறு. அந்த நாட்களில் லிஸ்ட் வரிசையை விட்டுவிட்டு, உங்கள் பக்கத்துத் தெருக்காரர்களைக் கேளுங்கள். அப்படி வரிசை மாறியதை லிஸ்டில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். "எனக்கு முன்னால் அவரை ஏன் கேட்டீர்கள்?" என்று யாராவது பின்னால் கேட்டால், காரணத்தைக் காட்ட முடியும்.

மரியாதை விஷயத்தில் "தாங்கள்", "தங்களது மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்" எல்லாம் வேண்டாம். "நீங்கள்", "அம்மா", "சார்" போதும். எழுதி முடித்ததும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். போனில் கூப்பிட்டு அந்த அம்மாவிடம் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்றால், அனுப்பலாம்.